85 சதவீதமா, 30 சதவீதமா: மனம் தாங்குவது வேறு, பணம் தாங்குவது வேறு

கேள்வி: எனக்கு 44 வயது, விற்பனைத் துறையில் கமிஷன் வருமானம். மனைவிக்கு நிலையான சம்பளம், அது வீட்டுச் செலவில் பாதியைச் சமாளிக்கும். எங்கள் சேமிப்பு மொத்தம் சுமார் 100 மாதச் செலவுக்குச் சமம். மூன்று ஆண்டில் மகளின் கல்லூரிக்கு 24 மாதச் செலவுக்குச் சமமான தொகை மொத்தமாக வேண்டும். மீதியெல்லாம் ஓய்வுக்காலத்துக்கு. ரிஸ்க் கேள்வித்தாள் நிரப்பினோம்: எனக்கு 85% பங்குகளில் போடலாம் என்று வந்தது, அவளுக்கு 30% தான். 2020 சரிவில் நான் ஒரு யூனிட்கூட விற்கவில்லை. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

பதில்:

இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வித்தாள் உங்கள் இருவரின் மனத்தை மட்டும்தான் அளந்திருக்கிறது. சந்தை பாதியாக இறங்கினால் பதறாமல் இருப்பீர்களா என்பது ஒரு கேள்வி. அப்படி இறங்கும்போது, பதறினாலும் பதறாவிட்டாலும், விற்றே ஆக வேண்டிய நிலை வருமா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதை ரிஸ்க் டாலரன்ஸ் என்கிறார்கள், இரண்டாவதை ரிஸ்க் கெப்பாசிட்டி. நான் இங்கே மனத்தின் தாங்குதிறன், பணத்தின் தாங்குதிறன் என்றே எழுதுகிறேன், அப்போதுதான் குழம்பாது. பணத்தின் தாங்குதிறன் உங்கள் சுபாவத்தைப் பொறுத்ததே அல்ல. யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுக்க வேண்டும், அதுவரை வருமானம் வருமா வராதா, இவ்வளவுதான் அது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2008-ல் என் சேமிப்பில் முக்கால்வாசிக்கு மேல் பங்குகளில் இருந்தது. சந்தை விழ விழ எனக்குப் பெரிய கவலை இல்லை, உண்மையிலேயே நன்றாகத் தூங்கினேன், இன்னும் வாங்கலாம் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த நிறுவனம் எங்கள் பிரிவையே மூடிவிட்டது. கையில் இருந்த ரொக்கம் நான்கு மாதம் ஓடியது, ஐந்தாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் உட்கார்ந்து, அந்த மாத வாடகைக்கும் கடன் தவணைக்கும் எத்தனை யூனிட் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு விற்றேன். பயத்தில் விற்ற ஒரு யூனிட்கூட அதில் இல்லை. ஆனால் விற்றது விற்றதுதான், சந்தை திரும்பி ஏறியபோது அவை என்னிடம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது வேலை போன நேரம். சந்தை விழுவதும் வேலை போவதும் தனித்தனியாக நடக்கும் இரண்டு விபத்துகள் இல்லை. பொருளாதாரம் சுருங்கும்போது நிறுவனங்களின் லாபம் குறைகிறது, பங்கு விலை இறங்குகிறது, அதே காரணத்தால் ஆட்குறைப்பும் நடக்கிறது. உங்களுடையது கமிஷன் வருமானம் என்பதால் ஆட்குறைப்புகூட வேண்டாம், வாங்குபவர்கள் தள்ளிப்போட்டாலே போதும், வருமானம் கரைந்துவிடும். அதாவது உங்கள் சம்பளமே ஓரளவு பங்கு மாதிரி நடந்துகொள்கிறது. உங்கள் மனைவியின் சம்பளம் அப்படி இல்லை, அது கடன்பத்திரத்தின் வட்டி மாதிரி. குடும்பமாகப் பார்த்தால், எச்சரிக்கையான ஆள் என்று கேள்வித்தாள் சொன்ன அவருடைய சம்பளம்தான் உங்கள் பணத்தின் தாங்குதிறனைத் தூக்கிப் பிடிக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். நீங்களே மாதச் செலவில் சொல்லிவிட்டது வசதியாகப் போயிற்று, மொத்தம் 100 என்பதால் மாதமும் சதவீதமும் ஒன்றே.

எவ்வளவு சரிவை எதிர்பார்ப்பது? நான் பாதி என்று வைத்துக்கொள்வேன். அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2000 முதல் 2002 வரையிலான இறக்கத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது, 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் சுமார் 57% இழந்தது. பத்தே ஆண்டுக்குள் இரண்டு முறை. எனவே பாதி என்பது பயமுறுத்தும் கற்பனை இல்லை. அதோடு உங்களுக்கு 18 மாதம் வருமானமே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம், முதல் மூன்று ஆண்டு சந்தை கீழேயே கிடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேரும் சேமிப்பையும் வட்டியையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட மூன்று ஆண்டில் பெரிதாக எதுவும் சேராது.

இந்த மோசமான மூன்று ஆண்டில் சேமிப்பிலிருந்து என்ன போகும்? 18 மாதச் செலவில் பாதியை மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்ளும், மீதி 9. மகளின் கல்லூரிக்கு 24. ஆக 33. திடீர் மருத்துவச் செலவு மாதிரி எதற்காவது இன்னொரு 3 கையில் இருக்கட்டும். மொத்தம் 36. இந்த 36-க்கும் தேதி குறித்தாயிற்று, அல்லது எந்த நேரமும் தேதி வரலாம். எனவே இது பங்குகளில் இருக்கக் கூடாது. மீதி 64 ஓய்வுக்காலத்துக்கானது, 60 வயதில் ஓய்வு என்றால் அடுத்த 16 ஆண்டுக்கு யாரும் அதைக் கேட்டு வரப்போவதில்லை. உங்கள் பணத்தின் தாங்குதிறன் இன்றைக்கு 64%. அதுதான் கூரை.

85 வைத்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்போம். 85 பாதியாகி 42.5 ஆகிறது, பாதுகாப்பான பக்கத்தில் 15 இருக்கிறது. வேலை இல்லாத காலம் 9 எடுத்துக்கொள்கிறது, 6 மிச்சம். கல்லூரிக்கு 24 வேண்டும், 6 கொடுத்தாயிற்று, இன்னும் 18. அதைப் பங்குகளை விற்றுத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் பாதி விலையில். 24.5 மிச்சம். பிறகு சந்தை முழுவதுமாகப் பழைய உயரத்துக்கே வந்துவிடுகிறது, அதாவது இரட்டிப்பாகிறது. உங்களிடம் 49.

64 வைத்திருந்தால்? 64 இறங்கி 32 ஆகிறது, ஆனால் அதை யாரும் தொடவில்லை. 36-லிருந்து 33 போய் 3 மிச்சம். சந்தை பழைய உயரத்துக்கு வந்ததும் 64 கூட்டல் 3, மொத்தம் 67.

இரண்டு இடத்திலும் செலவு அதே 33 தான். சந்தை விழுந்த ஆழமும் அதேதான், திரும்பி வந்த உயரமும் அதேதான். இரண்டு பேருமே துளிகூடப் பதறவில்லை. ஆனாலும் இடையில் 18 மாதச் செலவு காணாமல் போயிருக்கிறது. “நீண்ட காலத்தில் சந்தை எப்படியும் ஏறிவிடும்” என்பது முழு உண்மையாகவே இருக்கட்டும், அது 67 வைத்திருப்பவருக்குத்தான் பயன்பட்டது, ஏனென்றால் அவரால்தான் அந்த நீண்ட காலம் வரை காத்திருக்க முடிந்தது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சரிவே வரவில்லை, பங்குகள் ஆண்டுக்கு 10%, பாதுகாப்பான பக்கம் 5% தந்தது என்று வைத்துக்கொண்டால், 85 வைத்தவர் கூடுதலாகப் போட்ட அந்த 21 மூன்று ஆண்டில் ஏறக்குறைய மூன்றரை மாதச் செலவை அதிகமாகச் சம்பாதித்துத் தரும். நல்ல காலத்தில் மூன்றரை கூடுதல், கெட்ட காலத்தில் 18 குறைவு. கெட்ட காலம் வரும் வாய்ப்பு குறைவுதான் என்றாலும், மகளின் கல்லூரிப் பணத்தை வைத்து இந்தப் பந்தயத்துக்கு நான் போக மாட்டேன்.

ஒரு சிறிய விஷயம், பலர் தவறவிடுவது. “பாதுகாப்பான பக்கம்” என்றால் பங்குகள் அல்லாத எதுவும் என்று அர்த்தமில்லை. 2022-ல் வட்டி விகிதங்கள் ஏறியபோது நீண்ட காலக் கடன்பத்திரங்களும் பங்குகளோடு சேர்ந்தே விழுந்தன. எனவே கல்லூரிப் பணம் மூன்று ஆண்டில் முதிர்கிற வைப்பிலோ பத்திரத்திலோ இருக்கட்டும், அவசரப் பணம் கேட்ட நாளில் கைக்கு வரும் இடத்தில் இருக்கட்டும். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஐந்தாண்டுப் பூட்டில் போட்டுவிட்டால் அது இந்தக் கணக்கில் 36-க்குள் வராது.

அப்புறம் 2020-ல் நீங்கள் விற்கவில்லை என்பது. அது நல்ல அடையாளம்தான், குறைத்துச் சொல்லவில்லை, கேள்வித்தாளில் டிக் அடிப்பதைவிட நூறு மடங்கு மதிப்புள்ள சான்று. ஆனால் அது எதைச் சோதித்தது என்று பாருங்கள். அந்தச் சரிவு பிப்ரவரி 19-லிருந்து மார்ச் 23 வரை, சுமார் ஐந்து வாரம், 34% அளவுக்கு. ஆகஸ்டுக்குள் எஸ் அண்ட் பி 500 பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. பயப்படுவதற்கே நேரம் கிடைக்காத சரிவு அது. 2007-ல் தொடங்கிய இறக்கம் 17 மாதம் நீடித்தது, குறியீடு பழைய அளவுக்குத் திரும்ப 2013 ஆயிற்று. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். ஐந்து வாரம் பொறுத்த மனம் ஐந்து ஆண்டு பொறுக்குமா என்பது இன்னும் தெரியாத கேள்வி. அதோடு, 2020-ல் உங்கள் கையிருப்பு இன்றைய அளவு இருந்ததா? 20 மாதச் செலவு சேர்த்திருந்தபோது மூன்றில் ஒரு பங்கு போவதும் 100 சேர்த்த பிறகு பாதி போவதும் மனத்துக்கு ஒரே அனுபவம் இல்லை.

இங்கேதான் கேள்வித்தாள்கள் சறுக்குகின்றன. “உங்கள் முதலீடு 20% இறங்கினால் என்ன செய்வீர்கள்” என்று கேட்டால், சந்தை ஏறிக்கொண்டிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாரும் “இன்னும் வாங்குவேன்” என்றுதான் சொல்வார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதியதன் சாரம், ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி பெரியது என்பது. அந்த வலி சதவீதத்தில் வராது, தொகையில்தான் வரும். எனவே மனைவியிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். ஒரு தாளில் இன்றைய மொத்தத் தொகையை எழுதுங்கள், அதன் கீழே 64-ஐப் பங்குகளில் வைத்து அது பாதியானால் திரையில் தெரியப்போகும் தொகையை எழுதுங்கள். “32 மாதச் செலவு போயிருக்கிறது, நாம் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டு வாழ்கிற பணம், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது, ஒரு வருடம் இப்படியே இருக்கிறது, நானும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.” இப்படிச் சொல்லிவிட்டு, எவ்வளவு தொகை வரை போனாலும் எதையும் தொடாமல் இருப்பாய் என்று கேளுங்கள். அதே கேள்வியை அவர் உங்களிடம் கேட்கட்டும். நீங்களும் எழுதிக் கொடுங்கள், யோசித்து.

கிடைக்கும் தொகையைப் பாதியால், அதாவது 0.5-ஆல் வகுத்தால் மனத்தின் தாங்குதிறன் சதவீதமாக வந்துவிடும். உதாரணமாக அவர் 25 மாதச் செலவு வரை இழப்பைத் தாங்குவேன் என்றால், 25-ஐ 0.5-ஆல் வகுக்க 50. அவருடைய எல்லை 50%. கேள்வித்தாள் 30 என்று சொன்னவருக்கு இந்தக் கேள்வியில் 50 வருவது அபூர்வமில்லை, குறிப்பாக 36 தனியாக எடுத்து வைத்தாயிற்று, மகளின் கல்லூரிப் பணம் பாதுகாப்பாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. பல சமயம் மக்கள் பயப்படுவது பங்குகளைப் பார்த்து அல்ல, எல்லாப் பணமும் ஒரே குவியலாகக் கிடந்து எது எதற்கு என்று தெரியாததைப் பார்த்துத்தான்.

இப்போது மூன்று எண்கள்: பணம் தாங்குவது 64, உங்கள் மனம் 85, மனைவியின் மனம் உதாரணத்துக்கு 50. மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும், சராசரி அல்ல. 85-க்கும் 50-க்கும் நடுவில் 67.5 என்று ஒரு சமரசம் செய்துகொண்டால், அது கூரையையும் தாண்டிவிட்டது, அவருடைய தூக்கத்தையும் கெடுத்துவிட்டது. கூட்டுச் சேமிப்பில் விற்பதற்கு ஒருவர் பதறினால் போதும். உங்கள் உறுதியை வைத்து அவருடைய பயத்தை ஈடுகட்ட முடியாது, இரவு ஒரு மணிக்கு “எடுத்துவிடலாமே” என்று அவர் மூன்றாவது வாரமாகக் கேட்கும்போது நீங்கள் எடுத்துவிடுவீர்கள், அதுவும் அடிமட்ட விலையில்.

ஆனால் 64-ம் 50-ம் ஒரே வகைச் சுவர்கள் இல்லை. 64 என்பது தேதிகளும் கட்டணங்களும் போட்ட எல்லை, பேசி நகர்த்த முடியாது. 50 அனுபவத்தால் நகரும். எனவே 50-ல் தொடங்குங்கள், மீதி 14-ஐ அவசரப்பட்டு பங்குகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒரு பத்து, பதினைந்து சதவீதச் சரிவு வராமல் போகாது. அப்போது இருவரும் எப்படி இருந்தீர்கள் என்று பாருங்கள். எல்லை தாண்டிவிட்டது என்பதற்கு முதல் அறிகுறி விற்பது அல்ல. மாத முதலீட்டுத் தவணையை “கொஞ்சம் தெளியட்டும்” என்று நிறுத்துவது, நாளுக்கு நாலு முறை செயலியைத் திறந்து பார்ப்பது, இறங்கிய நாளில் மட்டும் நிபுணர்களின் காணொளிகளைத் தேடுவது, இவைதான் முன்னால் வரும். இதில் இரண்டு தென்பட்டால் சந்தை தேறிய பிறகு ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தென்படவில்லை என்றால், அடுத்த ஆண்டு ஐந்து கூட்டலாம், 64 வரை.

“50% போதாது, ஓய்வுக்காலத்துக்குத் தேவையான தொகை வராது” என்று உங்களுக்கு இப்போதே தோன்றலாம். வராமலும் போகலாம். ஆனால் தேவை அதிகம் என்பதால் பணத்தின் தாங்குதிறன் கூடிவிடாது, குழியின் அகலத்தைப் பார்த்துக் கால் நீளமாகாது. இடைவெளி பெரிதாக இருந்தால் அதை அடைக்கச் சேமிப்பைக் கூட்டுவது, இரண்டு ஆண்டு கூடுதலாக வேலை செய்வது, ஓய்வுக்காலச் செலவைக் குறைப்பது என்று வழிகள் உண்டு. சதவீதத்தை உயர்த்தி அடைப்பது மட்டும் உங்களுக்கு இந்த மூன்று ஆண்டில் திறக்காத வழி.

வயதை வைத்துச் சொல்லும் விதியையும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், நூறிலிருந்து வயதைக் கழி என்று. உங்களுக்கு 56 வரும். தற்செயலாகப் பக்கத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த விதிக்குக் கல்லூரியும் தெரியாது, கமிஷனும் தெரியாது. உங்கள் விஷயத்தில் பணத்தின் தாங்குதிறன் வயது ஏற ஏற ஒரே சீராக இறங்கப் போவதும் இல்லை. மூன்று ஆண்டு கழித்துக் கல்லூரிப் பணத்தைக் கட்டிய மறுநாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ச்சியே இல்லை என்று வைத்தாலும் 76 மிச்சம் இருக்கும், அதில் வேலை இல்லாக் காலத்துக்கு 9-ம் அவசரத்துக்கு 3-ம் போக 64 நீண்ட காலத்துக்கானது. 76-ல் 64 என்றால் 84%. உங்கள் மனம் இன்று கேட்கிற அந்த 85, 47 வயதில் ஏறக்குறைய உங்கள் பணத்தாலும் தாங்கக்கூடியதாகிவிடும். ஐம்பதுகளின் நடுவில் மறுபடி இறங்கத் தொடங்கும், ஏனென்றால் அப்போது ஓய்வுக்காலத்தின் முதல் சில ஆண்டுச் செலவுக்குத் தேதி நெருங்கிவிடும், அந்தப் பணம் ஒவ்வோர் ஆண்டாகப் பங்குகளை விட்டு வெளியே வர வேண்டும்.

எனவே கணக்கை ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு நடுவில் உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறினாலும் போடுங்கள்: உங்கள் வேலை, மனைவியின் வேலை, புதிய கடன், பெற்றோரின் மருத்துவம், கட்டி முடித்த கல்லூரிப் பணம். சந்தை ஏறியதற்காகவோ இறங்கியதற்காகவோ தேதிக் கணக்கை மாற்றிப் போட வேண்டாம். மனைவியின் எண்ணை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள், மொத்தம் வளர்ந்திருக்கும் என்பதால் அந்தத் தாளில் எழுதும் தொகைகளும் பெரிதாகியிருக்கும். 84 வரை இடம் இருக்கிறது என்று கணக்குச் சொல்லும் நாளிலும் அவர் 60-க்குச் சமமான தொகையை எழுதினால், அன்றைக்கு உங்கள் எண் 60.